அரவிந்த் கண் மருத்துவமனை: யார், எதை, எப்போது பேசுவது

எம்.பி.ஏ. முதலாண்டு, ஆபரேஷன்ஸ் பாடம். வெள்ளிக்கிழமை இரண்டாவது பீரியட், ஐந்து நிமிடம். பேப்பரைப் பார்த்து வாசிக்க வேண்டாம், சொல்லும் வரிசை மனதில் நின்றால் போதும்.

தீபா (ஸ்லைடு 1, ஒரு நிமிடம்)
வணக்கம். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனை தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும், அதே விரல்களோடு அறுவை சிகிச்சை செய்யப் பழகியவர். எங்கள் கேள்வி ஒன்றுதான்: இத்தனை பேருக்கு இலவசமாகச் செய்தும் இந்த மருத்துவமனை எப்படி நொடித்துப்போகவில்லை? நன்கொடைதான் காரணம் என்று தோன்றும். விடை ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறது. சலீம்?

சலீம் (ஸ்லைடு 2, 3, இரண்டு நிமிடம்)
படத்தைப் பாருங்கள். ஒரு டாக்டர், இரண்டு மேசை. ஒரு மேசையில் அவர் கண்புரை அறுவை செய்யும்போதே, அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராகிறார். முடிந்ததும் டாக்டர் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். (இங்கே நிறுத்தி, கையால் காட்டு.) அங்கே கிடைப்பதற்கு அரிய வளம் டாக்டரின் நேரம். அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையைத் தவிர மற்றதெல்லாம் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் கையில். பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள், பள்ளிப் படிப்புக்குப் பிறகு அங்கேயே இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றவர்கள். நாம் வகுப்பில் படித்த பாட்டில்நெக் இங்கே டாக்டரின் நேரம்தான். மெக்டொனால்ட்ஸில் கண்ட ஒழுங்கைக் கண் சிகிச்சைக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார் டாக்டர் வெங்கடசாமி.

கௌதம் (ஸ்லைடு 4, முக்கால் நிமிடம்)
எண்ணிக்கை கூடக்கூட ஒரு அறுவைக்கு ஆகும் செலவு குறைகிறது. பணம் கட்டுபவர்களிடமிருந்து மிஞ்சுவது இலவசப் பிரிவைத் தாங்குகிறது. அறை வசதி வேறுபடும், டாக்டர்கள் அதே டாக்டர்கள்தான். அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் இறக்குமதி லென்ஸின் விலை எட்டாத உயரத்தில் இருந்ததால், 1992-ல் ஆரோலேப் என்று சொந்த லென்ஸ் தயாரிப்பையே தொடங்கினார்கள்.

மேரி (ஸ்லைடு 5, ஒரு நிமிடம்)
எனக்கு இந்தக் கேஸில் மிகவும் பிடித்த இடம் இது. கிராம முகாமில் கண்ணைப் பரிசோதித்து, அறுவை இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, போனால் போகும் கூலி என்று காரணங்கள் இருந்தன. அப்புறம்தான் அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதும், சாப்பாடும் திட்டத்தில் சேர்ந்தன. விலை பூஜ்யமானாலும் வாடிக்கையாளருக்குச் செலவு உண்டு. எங்கள் கருத்தும் அதுதான்: இந்த முறையை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் தியேட்டரை மட்டும் நகலெடுத்துப் பயனில்லை, முகாமையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும்.

கேள்வி நேரம்
தரம் பற்றிக் கேட்டால் சலீம், பணம் பற்றிக் கேட்டால் கௌதம், மற்றதற்கு மேரி. தெரியாவிட்டால் "பார்த்துச் சொல்கிறோம்" என்று நேராகச் சொல்லுங்கள். நேரம் போதவில்லை என்றால் தீபா கௌதமின் ஸ்லைடைச் சுருக்கச் சைகை காட்டுவாள். மேரியின் ஒரு நிமிடத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.