நம் வளவுக்குள் நம்மோடு வாழ்பவர்கள்

மதிப்பிற்குரிய அதிபர் அவர்களே, ஆசிரியர்களே, அன்பான மாணவ மாணவியரே, அனைவருக்கும் காலை வணக்கம்.

சனிக்கிழமை காலை எங்கள் தரம் 10 மாணவர்கள் சிலர் விஞ்ஞான ஆசிரியையோடு பாடசாலை வளவைச் சுற்றி நடந்து, கண்ணில் பட்ட உயிரினங்களைப் படம் எடுத்தோம். வீட்டுக்குப் போய்ப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, எது எந்த இனம் என்று கண்டுபிடித்தோம். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அணில், புலுனிக் கூட்டம், மைனா எல்லாம் உங்களுக்கே தெரியும். ஓணானையும் தெரியும். ஆனால் கழுத்து சிவந்த ஓணானைக் கண்டால் அது வேறு இனம் என்று நினைத்துவிடாதீர்கள். இனப்பெருக்க காலத்தில் ஆண் ஓணான் அப்படிச் சிவக்கும். நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்லக்கூடாது என்பதற்கு அதுவே சாட்சி.

சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் உள்ள வாய்க்காலோரம் ஒரு பெரிய பல்லி இனத்தைப் படம் எடுத்தோம். உடும்பா, கபரகொய்யாவா? உடல் முழுக்கச் சேறு, நிறமே தெரியவில்லை. அப்போது ஆசிரியை, "மூக்கைப் பாருங்கள், பிள்ளைகள்" என்றார். உடும்பின் மூக்குத்துவாரம் சரிந்த கீறல் போல இருக்கும். மூக்கு நுனியை விட்டுத் தள்ளி, கண் பக்கமாக இருக்கும். கபரகொய்யாவுக்கோ அது வட்டமாக, மூக்கு நுனிக்குக் கிட்ட இருக்கும். எங்கள் படத்தில் துவாரம் நுனியிலேயே இருந்தது. ஆகவே கபரகொய்யா. இரண்டுமே நம் நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. கண்டால் கல்லெறியாதீர்கள், அது தன் பாட்டில் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது கறிவேப்பிலை மரத்தடியில் எடுத்த வண்ணத்துப்பூச்சிப் படங்கள். கறுப்புச் சிறகு, முன் சிறகில் வெள்ளைப் பட்டைகள், பின் சிறகில் சிவப்புப் புள்ளிகள். இரண்டு படங்கள், பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பூச்சி என்றார்கள். உடலைப் பாருங்கள். ஒன்றின் உடல் சிவப்பு, அது கிரிம்சன் ரோஸ். மற்றதன் உடல் கறுப்பு, அது கொமன் மோர்மன் என்ற இனத்தின் பெண். கிரிம்சன் ரோஸின் புழு ஆடுதீண்டாப்பாளை வகைச் செடிகளைத் தின்று வளர்வதால் அதன் உடலில் நஞ்சு சேர்கிறது. ஒரு முறை கடித்துப் பார்த்த பறவை மறுமுறை கிட்டப் போகாது. மோர்மனிடம் அந்த நஞ்சு இல்லை. அதன் புழு கறிவேப்பிலையும் தேசி இலையும் தின்று வளர்வது. அதன் பெண்களில் சில, நஞ்சுள்ளதைப் போல வேடம் போட்டே தப்பிக்கின்றன. நாம் தினமும் சோறு சாப்பிட உட்காரும் இடத்தில் இப்படி ஒரு நாடகம் நடக்கிறது என்பதை நினைக்க எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

பறவைகளில் சிரமம் கொடுத்தது குயில். வெயிலுக்கு எதிரே நின்று எடுத்தால் எந்தப் பறவையும் காகமாகத்தான் தெரியும். நிழல் பக்கம் நகர்ந்து எடுத்த படத்தில் சிவந்த கண்ணும் வெளிறிய சொண்டும் தெரிந்தன. காகத்துக்கு இரண்டும் கறுப்பு. பக்கத்துக் கிளையில் இருந்த, வெள்ளைப் புள்ளிகள் போட்ட கபில நிறப் பறவையும் குயில்தான், அதன் பெண்.

அப்புறம், மான்கள். கோட்டைப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் திரியும் புள்ளிமான்கள் நம் மைதானத்துக்கும் வருகின்றன. இனம் கண்டுபிடிப்பதில் கஷ்டமே இல்லை. ஆனால் ஒவ்வொரு மானின் புள்ளிகளும் அமைந்திருக்கும் விதம் வேறு. பக்கவாட்டில் தெளிவாக எடுத்த படங்களை ஒப்பிட்டால், நேற்று வந்த மான்தானா இன்றும் வந்தது என்று சொல்லலாம். ஒரு படத்தில் பெண் மான் ஒன்று சாப்பாடு சுற்றிய லஞ்ச் சீற்றை மென்றுகொண்டு நிற்கிறது. அது வயிற்றில் செமிக்காது, அங்கேயே தங்கி மானைக் கொல்லும். தயவுசெய்து லஞ்ச் சீற்றையும் ஷொப்பிங் பையையும் மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

நீங்களும் படம் எடுக்கலாம். ஒரு படத்தோடு நிறுத்தாமல் தலை, பக்கவாட்டு, வால் என்று சில படங்கள் எடுங்கள். இடம், நேரம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். கிட்டப் போகாதீர்கள், கூட்டைத் தொடாதீர்கள். படம் தெளிவில்லை என்றால் 'தவளை, இனம் தெரியாது' என்று எழுதுவதே சரி. ஊகித்து ஒரு பெயரை ஒட்டினால் பின்னால் பார்ப்பவர் அதையே உண்மை என்று நம்புவார்.

பெயர் தெரியாத எங்கள் படங்களை விஞ்ஞான ஆய்வுகூட வாசலில் உள்ள பலகையில் ஒட்டியிருக்கிறோம். தெரிந்தவர்கள் பெயரையும், எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை இடைவேளையில் ஆசிரியையோடு சேர்ந்து சரிபார்ப்போம்.

நன்றி, வணக்கம்.