ஞாயிறு அரையிறுதி: ஆட்டக்காரர்களுக்கான குறிப்பு

சுங்கை சிப்புட், தோட்டத் திடல். மாலை 5 மணி. பாதிக்கு 40 நிமிடம்.

தம்பிங்களா, புதன்கிழமை காட்டிய 42 ஸ்லைடில் திடலுக்குள் உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான். மீதி எங்கள் வேலை, மறந்துவிடுங்கள். முதலில் ஐந்து சொல்லைப் படியுங்கள். பிறகு உங்கள் ஜெர்சி எண் வரும் இடங்களை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள்.

ஐந்து சொல்

ஏறு: 10 மட்டும் சொல்வான். கேட்டவுடன் எல்லோரும் ஒன்றாக முன்னேற வேண்டும். பின்வரிசையும் சேர்த்துத்தான்.
நில்லு: பந்தைத் துரத்தாமல் அவரவர் இடத்துக்குத் திரும்பு. சந்தேகம் வந்தால் இதுதான் சொல். யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.
உள்ளே: பந்து மறுபக்கம் இருக்கிறது, நடுவுக்கு நெருங்கி வா.
ஆள்: உன் முதுகில் எதிராளி இருக்கிறான், ஒரே தொடுதலில் திருப்பிக் கொடு.
திரும்பு: பின்னால் யாரும் இல்லை, திரும்பி முன்னே பார்.

"ஏறாதே" என்று யாரும் கத்தக் கூடாது. சத்தத்தில் கடைசி எழுத்து அடிபட்டுப் போகும், கேட்பவன் காதில் "ஏறு" என்று விழும். 4 மட்டும் பின்னால் நிற்க மற்றவர்கள் ஏறினால் ஆஃப்சைடு கோடு உடைந்துவிடும். நம் 3 வீட்டில் மலாய் பேசுகிறவன். இந்த ஐந்தும் அவனுக்கு மனப்பாடம். அதனால் ஆட்டத்தின் நடுவில் ஆறாவதாக ஒரு சொல் கண்டுபிடிக்காதீர்கள். எதிரணிக்கும் தமிழ் தெரியும், பரவாயில்லை. அவர்கள் கேட்டு யோசிப்பதற்குள் நாம் நகர்ந்திருந்தால் போதும்.

பந்து அவர்களிடம் இருக்கும்போது

4-4-2. 9-உம் 10-உம் நடு வட்டத்தின் அந்தப் பக்க விளிம்பில் நிற்க வேண்டும், அதற்கு மேலே போகக் கூடாது. அவர்களிலிருந்து நம் பின்வரிசை வரை 30, 35 எட்டு. இது 40-ஐத் தாண்டினால் அவர்களுடைய 6 நடுவில் தனியாக நின்று பந்து வாங்கித் திரும்பிவிடுவான். அவர்களின் ஆட்டம் முழுக்க அவன் காலில்தான் தொடங்குகிறது. இடைவெளியைப் பார்த்துச் சரிசெய்வது 4-இன் பொறுப்பு.

"ஏறு" மூன்று நேரத்தில் மட்டும் வரும்: பந்து அவர்களுடைய 5-க்குப் போகும்போது, யாராவது பந்தை அடக்க முடியாமல் துள்ள விடும்போது, அவர்கள் கோல்கீப்பருக்குத் திருப்பிக் கொடுக்கும்போது.

முதலாவதுதான் நம் கண்ணி. அவர்களுடைய 5 இடது பக்கம் நிற்கும் வலது கால்காரன். இடது காலால் நீளமாக அடிக்க மாட்டான். பந்து கிடைத்ததும் உள்ளே திரும்பப் பார்ப்பான். 9, நீ நேராக ஓடாதே. நடுவிலிருந்து வளைந்து போ. அப்போது கோல்கீப்பருக்கும் நடுவுக்கும் போகும் வழி உன் முதுகுக்குப் பின்னால் அடைபட்டுவிடும். அவனுக்கு மிஞ்சுவது ஓரத்தில் நிற்கும் இடது பேக் மட்டும். பந்து அவன் காலிலிருந்து கிளம்பும்போதே 7 அந்த பேக் மேல் பாய வேண்டும், போய்ச் சேர்ந்த பிறகு பாய்ந்தால் தாமதம். 2 அவர்களுடைய இடது விங்கரை ஒட்டு. 8 பந்துப் பக்கம் சரிந்து வா. 10 அவர்களுடைய 6-ஐ விட்டு நகராதே. 6 நம் இரண்டு சென்டர் பேக்குக்கு முன்னால் நில்.

இது எங்கே கெடும்? இரண்டு இடத்தில். 9 தனியாக ஓடி, 10 பந்தை வேடிக்கை பார்த்தால், ஒரே பாஸில் அவர்களுடைய 6 நம் இரண்டு பேரையும் தாண்டிவிடுவான். இல்லையென்றால் 11-உம் 3-உம் மறுபக்கத்தில் அகலமாகவே நிற்பார்கள், நடுவில் பெரிய ஓட்டை விழும். 11, 3: "உள்ளே" கேட்டதும் 11 நடு வட்டத்தின் கோடு வரை வா, 3 தூரக் கம்பத்துக்கு நேராக நில், அதற்கு மேல் உள்ளே வராதே. அவர்களுடைய 7 வேகமானவன்தான். ஆனால் பந்து திடலைக் கடந்து அவனிடம் வர இரண்டு மூன்று விநாடி ஆகும். அதற்குள் நீ எட்டிவிடலாம். அவன் காலில் பந்து வந்தபின் பாயாமல், முதலில் ஓரத்துக்குத் தள்ளு.

பந்து கைமாறும்போது

இழந்தால்: பக்கத்தில் இருப்பவன் ஒருவன் மட்டும் உடனே பாய வேண்டும், ஐந்து எண்ணும் வரை. மற்றவர்கள் பந்தை நோக்கி அல்ல, நம் கோலுக்கும் பந்துக்கும் நடுவே ஓட வேண்டும். ஐந்தில் கிடைக்கவில்லையென்றால் "நில்லு", பின்னால் வந்துவிடுங்கள்.

கிடைத்தால்: முதல் பாஸ் கூட்டத்தை விட்டு வெளியே. 7 பிடித்தால் 10-இன் காலுக்கு, 10 ஒரே தொடுதலில் 11-க்கு. அந்த நேரத்தில் அவர்களுடைய வலது பேக் ஏறி நிற்பான், அவன் பின்னால் இடம் காலி.

திடலும் வெயிலும்

கேப்டன், நாணயம் போடுவதில் வென்றால் பந்தைக் கேட்காதே, பக்கத்தைக் கேள்: முதல் பாதியில் கோயில் பக்கக் கோல். அதில் நிற்கும் கோல்கீப்பருக்கு மேற்கு எதிரே வரும், ஆனால் 5 மணிக்குச் சூரியன் இன்னும் உயரத்தில் இருக்கும். 6 மணிக்கு மேல் அது இறங்கிக் கண்ணில் குத்தும்போது அவர்களுடைய கோல்கீப்பர் அங்கே நிற்பான். இரண்டாம் பாதியில் உயரமான பந்துகளை அவன் மேல் போடுங்கள்.

செம்பனைப் பக்க ஓரம் மழைக்குப் பிறகு சேறு, பந்து ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். முதல் பாதியில் அது நம் இடது. 3, 11: அங்கே பந்தை உருட்டி ஓட்டாதீர்கள், தூக்கி அடியுங்கள். இரண்டாம் பாதியில் அது நம் வலது, அதாவது நம் கண்ணி விழும் பக்கம். அவர்களுடைய 5 கொடுக்கும் பாஸ் வழியிலேயே நிற்கும். 7, நீ இரண்டு எட்டு முன்னதாகவே கிளம்பு.

நின்ற பந்து

நமக்கு எதிரான கார்னர்: 8 கிட்டக் கம்பம், 4, 5, 6 கோல் ஏரியாக் கோட்டின் மேல், 3 தூரக் கம்பம். அவர்கள் எப்போதும் கிட்டக் கம்பத்துக்கே அடிக்கிறார்கள். 8, அங்கே ஆள் பிடிக்காதே, பந்தை முதலில் தொடு.

நம் கார்னர்: ஒரு கை தூக்கினால் கிட்டக் கம்பம், இரண்டு கை தூரக் கம்பம். வாயால் சொல்ல வேண்டாம். 2 எப்போதும் பின்னால் நிற்க வேண்டும், 11-உம் அவனோடு.

த்ரோ-இன்னில் ஆஃப்சைடு இல்லை. 9, அவர்களுடைய பேக்குகளுக்குப் பின்னாலேயே போய் நில்.

1: பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். இது 2025-26 முதல் வந்த விதி. நடுவர் கடைசி ஐந்து விநாடியைக் கையைத் தூக்கி எண்ணுவார், அவர் விரலைப் பார்.

நேரம்

மதியச் சாப்பாடு 12.30-க்கு. சோறு அளவாக, கறியில் எண்ணெய் குறைவாக. 3.45-க்குத் திடலில், 4.20-க்கு உடம்பைச் சூடாக்குவோம். ஸ்டட் நீளமான பூட்ஸ் இருப்பவர்கள் அதையும் கொண்டு வாருங்கள், சேற்றைப் பார்த்து முடிவு செய்யலாம். இடி கேட்டால் நடுவர் ஊதும் வரை காத்திருக்காமல், உடனே மண்டபத்துக்குள் போங்கள். செம்பனை மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. ஆட்டம் மறுபடி தொடங்கினால் முதல் ஐந்து நிமிடம் "ஏறு" கிடையாது.