நான் கப்பல் ஏறாதவள்

(இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்த அம்மாயி சொல்லச் சொல்லப் போனில் பதிந்ததை எழுதியது இது. திரும்பத் திரும்ப வந்த இடங்களை ஒன்றாக்கினேன், பாதியில் நின்ற பேச்சை முடித்து வைத்தேன். அவருடைய சொற்களை மாற்றவில்லை. ஆண்டுக்கணக்கு அவரிடம் கிடையாது. "அணைக்கட்டுக்கு முந்தி", "மாவுப் பஞ்சத்துக்குப் பிந்தி" என்றுதான் சொல்வார். அடைப்புக்குள் இருக்கும் ஆண்டுகள் நான் சேர்த்தவை. கூடலூரில் இருக்கும் சின்ன அம்மாயி குடும்பத்துக்கும் இது போகிறது.)

நான் பிறந்த தேதி எனக்குத் தெரியாது, புள்ள. வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போனபோது (1948) நான் பிள்ளைக் காம்பராவில் தொட்டிலில் கிடந்தேன் என்று அம்மா சொல்லும். அடையாள அட்டையில் ஒரு தேதி இருக்கிறது. அது ஆபீசில் எழுதின ஐயா போட்ட தேதி. அது கிடக்கட்டும்.

எங்களுடையது மேட்டு லயம், தொங்கல் காம்பரா. தொங்கல் என்றால் காற்று இரண்டு பக்கமும் அடிக்கும், மழை மூன்று பக்கமும் அடிக்கும். ஒரே காம்பராவுக்குள் அப்பா, அம்மா, அப்பாயி, நாங்கள் பிள்ளைகள், இஸ்தோப்பில் ஒரு ஆடு. அடுப்புப் புகையில் கூரைத் தகரம் கரிக்கட்டையாய்க் கிடக்கும். தண்ணிக்குப் பீலிக்குப் போக வேண்டும். பீலியடியில்தான் சண்டை, பீலியடியில்தான் சிநேகம். கல்யாணப் பேச்சும் அங்கேதான் முளைக்கும்.

விடியுமுன்னே தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா எழும்பி ரொட்டி தட்டும், சாயத்தண்ணி வைக்கும். பிரட்டுக்களத்துக்குப் பிந்திப் போனால் கங்காணி "வீட்டுக்குப் போ" என்று விரட்டிவிடுவார். அன்றைக்குப் பேர் கிடையாது. பேர் இல்லை என்றால் சம்பளம் இல்லை. நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். என் பேரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். அப்புறம் தங்கச்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அம்மா என்னை நிறுத்திவிட்டது. அந்தத் தங்கச்சி என் இடுப்பில் வளர்ந்தது. எனக்கும் அதற்கும் உள்ள பாசம் அப்படி.

கொழுந்து எடுக்கப் பழக்கியது அப்பாயி. "கண்ணால பறிக்காத, விரலால பறி" என்று சொல்லும். ரெண்டு இலையும் ஒரு அரும்பும். மட்டக்கம்பைச் செடி மேல் வைத்து, அதுக்கு மேலே வந்ததைத்தான் ஒடிக்க வேண்டும். முற்றின இலை கூடையில் விழுந்தால் தராசடியில் கணக்கப்பிள்ளை கையை விட்டுக் கிளறுவார். மழைக்காலத்தில் கொங்காணி போட்டுக்கொண்டு, இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு நிற்போம். அட்டை காலில் ஏறுவது தெரியாது, இரத்தம் வழிந்தால்தான் தெரியும். கொழுந்து ஈரமாய் இருக்கிறது என்று நிறுவையில் கழிப்பார்கள். மழையை நாங்களா பெய்யச் சொன்னோம்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, எழுதிக்கொள்.

ஆம்பிளைக்கு ஒரு சம்பளம், பொம்பிளைக்கு அதைவிடக் குறைவு. கவ்வாத்து வெட்டுகிறவர்கள் மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள், நாங்கள் பொழுது சாயும் மட்டும் மலையில் நிற்போம். அது ஒன்றாக்கப்பட்டபோது (1984) எனக்குப் பாதி வயசு போய்விட்டது. சம்பளம் ஒன்றானாலும் வாங்கினது உன் தாத்தாதான்.

என் கல்யாணம் பழைய மஸ்கெலியாவில், கோயிலில் நடந்தது. இப்போது இருக்கிற டவுன் இல்லை, அது வேறு. அந்தக் கடைத்தெருவில்தான் அப்பா எனக்குச் சேலை எடுத்தார், ஊதா நிறம். மவுஸாக்கலையில் அணை கட்டினார்கள் (1969), தண்ணி ஏறி டவுன் முழுகிப்போனது. கடைக்காரர்கள் மேலே வந்து புதுக்கடை போட்டார்கள். கோயிலை யார் தூக்கிக்கொண்டு வருவது? நல்ல வெயில் காலத்தில் தண்ணி வற்றினால் அது வெளியே வரும். உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். சேற்றில் நடந்து போய்ச் சூடம் கொளுத்தினோம்.

நான் ஏன் கப்பல் ஏறவில்லை என்று கேட்டாயே, இனி அந்தச் சங்கதிக்கு வருகிறேன்.

ஸ்ரீமா அம்மாவும் இந்தியாவின் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள் (1964), எங்களைப் பங்கு பிரித்தார்கள். இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் பாரம் நிரப்பச் சொன்னார்கள். அப்பா இந்தியாவுக்குக் கேட்டார். "நம்ம ஊரு திருச்சிப் பக்கம், அங்க போனா மண்ணு இருக்கும்" என்றார். அவர் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை, அவருடைய அப்பா சொன்னதுதான். உன் தாத்தா இலங்கைக்குக் கேட்டார். "எனக்குத் தெரிஞ்ச மண்ணு இதுதான்" என்றார். நான் கட்டிக்கொண்டவரோடு இருந்தேன். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் அது அப்பாவோடு.

மாவுப் பஞ்சம் வந்தது (1973, 1974). கூப்பனுக்குக் கிடைத்த அரிசி ஒரு மூலைக்குக் காணாது. மரவள்ளியை அவித்துத் தின்றோம், அதுவும் இல்லாத நாளில் கீரையை அவித்துத் தின்றோம். பக்கத்துக் காம்பராக் கிழவர் டவுனில் பிச்சைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அந்த நேரத்தில்தான் அப்பாவுக்குப் போகச் சொல்லிக் கடதாசி வந்தது. சந்தோசப்பட்டோமா, அழுதோமா என்று கேட்கிறாய். வயிறு காய்ந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அட்டன் கோச்சி நிலையத்துக்கு லயமே போனது. அம்மா ஒரு டிரங்குப் பெட்டியும் அம்மிக்குழவியும் கொண்டுவந்தது. "அம்மி எதுக்கு ஆத்தா?" என்று ஒருவர் கேட்டார். "குழவி மட்டுந்தான் கொண்டு போறேன், அம்மியை மூத்தவளுக்கு விட்டுட்டேன்" என்றது. அந்த அம்மிதான் நம் வீட்டில் இருக்கிறது. தங்கச்சி ஜன்னல் வழியாக என் கையை விடவே இல்லை. கோச்சி நகர்ந்தது, நானும் கூடவே ஓடினேன், உன் தாத்தா பிடித்து இழுத்தார். அவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, கூடலூருக்குப் போனார்கள். மண்ணு கிடைக்கவில்லை. அங்கேயும் தேயிலைதான், அங்கேயும் லயம்தான்.

எண்பத்து மூன்று ஆடியைப் பற்றி நான் நிறையப் பேச மாட்டேன். பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு தேயிலைக்குள் படுத்துக் கிடந்தோம். கீழ்க்காம்பரா பற்றியெரிந்தது. அடுத்த தோட்டத்துச் சிங்கள அம்மா ஒருத்தி பால்மாவும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள். இதையும் எழுது, எரித்தவனை மட்டும் எழுதாதே.

உன் தாத்தாவுக்கு இலங்கைக்காரன் என்று எழுதிக் கொடுக்கவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு நாட்டிலும் இல்லாதவர்களாகவே பிள்ளைகளைப் பெற்றோம். கடைசியில் ஒரு சட்டம் வந்து (1988) சத்தியக் கடதாசி கொடுத்துப் பிரஜாவுரிமை எடுத்தோம். உன் தாத்தா அந்தக் கடதாசியைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தார். அதற்குப் பிறகு வந்த ஓட்டுக்கு நான் காலையிலேயே குளித்துக் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். ஊதா வெளுத்துப்போய் இருந்தது. சிரித்தவர்கள் சிரிக்கட்டும்.

இதைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டச் சொல். குழவி இன்னும் இருக்கிறதா என்று கேள். அம்மா எங்கே செத்தது, எரித்தார்களா புதைத்தார்களா, யார் தண்ணி ஊற்றினார்கள் என்று அது எனக்குச் சரியாகச் சொல்லவே இல்லை. போனில் கேட்டால் அழுகிறது. அதையும் யாரையாவது எழுத வைத்து அனுப்பச் சொல்.