ஹஜ் கடமைகள்: வரிசையும் பொருளும்

ஹஜ் பயணிகள் துல்ஹஜ் 8ஆம் நாள் இஹ்ராம் நிலையில் மினாவுக்குச் செல்கிறார்கள். தையலற்ற இரு வெள்ளைத் துணிகளை அணிந்த ஆண்களுள் செல்வர் யார், ஏழை யார் என்று தெரியாது. 9ஆம் நாள் நண்பகலிலிருந்து சூரியன் மறையும்வரை அரஃபாவில் தங்கி, பாவமன்னிப்புக் கேட்டு மனமுருகி துஆ செய்வதே ஹஜ்ஜின் உயிர்நாடியாகும். அன்றிரவு முஸ்தலிஃபாவில் தங்குவர். 10ஆம் நாள் பெரிய ஜம்ராவில் ஏழு கற்களை எறிந்து, குர்பானி கொடுத்து, முடி களைந்தபின், கஅபாவை ஏழு முறை சுற்றும் தவாஃபையும், ஹாஜரா அம்மையார் குழந்தை இஸ்மாயீலுக்காகத் தண்ணீர் தேடி ஓடியதை நினைவூட்டும் ஸயீயையும் நிறைவேற்றுவர். மீண்டும் மினாவில் தங்கி, மூன்று ஜம்ராக்களிலும் கல்லெறிவர்.

செயல்பாடு: இருவர் இருவராக அமர்ந்து, ஸயீ, அரஃபா, இஹ்ராம், குர்பானி, முஸ்தலிஃபா ஆகியவற்றை வரிசைப்படுத்துங்கள். பின்னர், சமத்துவத்தையும் தாயின் விடாமுயற்சியையும் உணர்த்தும் கடமைகள் எவை என்பதைக் காரணத்துடன் எழுதுங்கள்.