மெர்ச்சண்டைசர் வேலைக்கான சுயவிவரத் தலைப்பும் அறிமுகமும்

தலைப்பு

சீனியர் மெர்ச்சண்டைசர் – பின்னலாடை ஏற்றுமதி | 8 ஆண்டு அனுபவம் | காஸ்டிங், சாம்பிளிங், பையர் ஃபாலோ-அப் | குழந்தைகள் ஆடை, ஐரோப்பிய பையர்கள் | திருப்பூர்

அறிமுகம்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் 8 ஆண்டுகளாக மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறேன். இப்போதைய நிறுவனத்தில் என் பதவியை ‘எக்ஸ்போர்ட் கோஆர்டினேட்டர்’ என்கிறார்கள். அனுபவச் சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கும். டெக் பேக் வந்த நாளிலிருந்து சரக்கு தூத்துக்குடி துறைமுகம் போய்ச் சேரும் வரை ஆர்டர் என் பொறுப்பு என்பதால், தலைப்பில் மெர்ச்சண்டைசர் என்று போட்டிருக்கிறேன். சீனியர் என்றது, இரண்டு ஜூனியர் மெர்ச்சண்டைசர்கள் எனக்குக் கீழே இருப்பதால்.

காஸ்டிங்கில்தான் எனக்கு அதிகப் பிடிப்பு. நூல் விலை, நிட்டிங், டையிங், காம்பாக்டிங் கூலி, ப்ராசஸ் லாஸ் எல்லாம் சேர்த்துத் துணியின் கிலோ விலையை எடுப்பேன். அதன்மேல் கன்சம்ப்ஷன், சிஎம்டி, ட்ரிம்ஸ், பேக்கிங் போட்டு எஃப்ஓபி விலையை நானே தயாரிக்கிறேன். பையர் கேட்கும் விலைக்கு இறங்க வேண்டியிருந்தால் முதலில் மார்க்கரைப் பார்ப்பேன், அப்புறம் துணியின் டயாவை. ஜிஎஸ்எம்மைக் குறைப்பது என்றால் பையரிடம் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகுதான். சிங்கிள் ஜெர்சி, ரிப், இண்டர்லாக், ஃப்ளீஸ் நான்கிலும் வேலை செய்திருக்கிறேன்.

லேப் டிப், ஃபிட், சைஸ் செட், பிபி சாம்பிள் ஒப்புதல்கள் எல்லாம் என் கையில். பிபி சாம்பிள் ஒப்புதல் வராமல் கட்டிங் தொடங்க விடமாட்டேன். குழந்தைகள் ஆடையில் பாதுகாப்பு விஷயங்களை டெக் பேக் நிலையிலேயே சரிபார்க்கிறேன்: சிறு குழந்தைகளின் ஹூட், கழுத்துப் பகுதியில் கயிறு கூடாது என்ற ஈஎன் 14682 விதி, ஸ்னாப் பட்டன் புல் டெஸ்ட், கழுத்து விரிவு அளவு. டிசைனில் கயிறு வரைந்து வந்தால் சாம்பிள் போடும் முன்பே பையருக்கு எழுதிவிடுவேன். தைத்த பிறகு கண்டுபிடித்தால் எல்லோருக்கும் நஷ்டம்.

ஆர்கானிக் காட்டன் ஆர்டர்களில் ஜிஓடிஎஸ் டிரான்சாக்ஷன் சான்றிதழ் வேலையும், ஏக்யூஎல் 2.5 இறுதி இன்ஸ்பெக்ஷனுக்கான தயாரிப்பும் தெரியும். டி அண்ட் ஏ காலண்டரை எக்செலில் போட்டு டையிங், பிரிண்டிங் யூனிட்டுகளை நேரில் போய்ப் பின்தொடர்கிறேன்.

பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் படித்திருக்கிறேன். பையர்களுடன் ஆங்கிலத்தில் மின்னஞ்சல், வீடியோ கால் பேச்சு தினசரி வேலை. யூனிட்டுகளில் தமிழும் ஓரளவு இந்தியும்.

எதிர்பார்க்கும் பதவி: சீனியர் மெர்ச்சண்டைசர், கார்மெண்ட் மெர்ச்சண்டைசர், எக்ஸ்போர்ட் மெர்ச்சண்டைசர். நெய்த துணி ஆடைகளில் அனுபவம் இல்லை. திருப்பூர், கோவை, ஈரோட்டில் சேரத் தயார். நோட்டீஸ் காலம் 30 நாள்.