வெள்ளிக்கிழமை உரை: அப்பர் கையில் இருந்த உழவாரம்

(பட்டர்வொர்த், கோயில் மண்டபம். பூஜை முடிந்து, வேலை தேடுவோருக்கான சந்திப்பில் பேசுவதற்கு.)

வணக்கம். பின்னால் நிற்கும் தம்பிகள் முன்னால் வந்து உட்காருங்கள். இங்கே யாரும் உங்களை இண்டர்வியூ எடுக்கப் போவதில்லை.

(சிரிப்பு அடங்கட்டும்.)

'டுகாசித்தா டிமாக்லும்கான்.' வருத்தத்துடன் தெரிவிக்கிறோம் என்று மலாயில் தொடங்கும் நிராகரிப்புக் கடிதம். ஒரு காலத்தில் இதற்கு மேல் எந்தக் கடிதத்தையும் நான் படித்ததில்லை. பிறையில் நான் இருந்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது எனக்கு 44 வயது. பதினான்கு மாதம் வீட்டில் இருந்தேன். ஒவ்வொரு இண்டர்வியூவுக்கும் அம்மா திருநீறு பூசி அனுப்புவார். ஏழெட்டு தடவைக்கு அப்புறம் அவர் பூசுவதை விட்டுவிட்டார். தட்டை மட்டும் மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான்.

(சற்று நிறுத்தவும்.)

அப்பர் சுவாமிகள் கயிலைக்குப் போன கதை உங்களுக்குத் தெரியும். கால் தேய்ந்தது, கையால் ஊன்றிப் போனார். கையும் தேய்ந்தது, மார்பால் தவழ்ந்தார், உருண்டார். கடைசியில், மனிதர் போகிற இடமில்லை, திரும்பு என்றுதான் பதில் வந்தது. கயிலைக் காட்சி அவருக்குக் கிடைத்தது திருவையாற்றில்.

அதே மாதிரி உங்களுக்கும் இன்னொரு இடத்தில் வேலை காத்திருக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரியாது. சாமி முன்னால் நின்று பொய் சொல்லக் கூடாது.

எனக்குத் தெரிந்தது வேறு. அவர் கையில் எப்போதும் உழவாரம் இருந்தது, கோயில் வாசலில் புல் செதுக்குகிற கருவி. சம்பளம் கிடையாது. 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்றவர், அதற்கு முன்னால் ஒரு வரி சொன்னார்: 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்.' அந்த முதல் பாதியை நாம் விட்டுவிடுகிறோம். தாங்குவது இறைவன் கடன். அதையும் சேர்த்து நம் தலையில் சுமந்தால் கழுத்து ஒடியும். கம்பெனிக்காரன் 'வேண்டாம்' என்று எழுதலாம். உங்கள் கையில் இருக்கிற பணியை அந்தக் கடிதம் பறிக்காது. இன்று ஒரு விண்ணப்பம். பாட்டியை கிளினிக்குக் கூட்டிப் போவது. அவ்வளவு போதும் என்கிற நாட்களும் உண்டு.

கல்யாண வீட்டில் 'இன்னும் கிடைக்கலையா?' என்று கேட்கிற மாமாவுக்கும் ஒரு நமஸ்காரம் போடுங்கள். பதில் வேண்டாம்.

கோபம் வந்தால் இங்கே வந்து சாமியிடம் சண்டை போடுங்கள், அவருக்குப் பழக்கம்தான். ஆனால் இரவெல்லாம் தூக்கமில்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினால் தேவாரம் மட்டும் போதாது. உடனே யாரிடமாவது சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணையும் கூப்பிடலாம்.

சரி. பெர்கேசோவின் MYFutureJobs வேலை தேடும் தளத்தில் பதியத் தெரியாதவர்கள் இடதுபக்க மேசைக்கு வாருங்கள், அக்கா காட்டித் தருவார். மற்றவர்கள் சாப்பிடப் போகலாம். சுண்டல் ஆறிவிடும்.