அண்ணனுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் தம்பிக்கு வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மழை தொடங்கியதிலிருந்து மருத்துவ அறைக்குச் சளி, காய்ச்சல், தொண்டை வலி என்று வரும் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். கூடவே மருந்து பாட்டில்களும் வருகின்றன. போன வாரம் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பையில் ஆன்டிபயாட்டிக் சிரப் ஒன்றும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. "மதியம் சாப்பிட்டதும் 5 மில்லி கொடுங்க சிஸ்டர், யூகேஜி-யில் இருக்கும் தம்பிக்கும் அதே அளவு" என்று எழுதியிருந்தது. மருந்துச் சீட்டில் அக்காவின் பெயர் மட்டும்தான். தம்பியை டாக்டர் பார்க்கவே இல்லை. இதே மாதிரி வேறு சில வீடுகளிலும் நடப்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஏன் இப்படிச் செய்கிறோம் என்பது எனக்குப் புரிகிறது. ஒரே வீடு, ஒரே இருமல். டாக்டரிடம் மறுபடி போனால் கட்டணம், அரை நாள் கூலி, காத்திருப்பு. பெரியவளுக்குக் கேட்ட மருந்து சின்னவனுக்கும் கேட்கும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் அந்தக் கணக்கு சரியாக வராது.

முதலில் அளவு. குழந்தைகளுக்கு ஆன்டிபயாட்டிக்கை எடையைப் பார்த்துத்தான் டாக்டர் எழுதுகிறார். அமாக்சிசிலின் சிரப்பிலேயே 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பாட்டில்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மூடியில் ஒரே கோடு வரை ஊற்றினாலும் உள்ளே போவது இரண்டு மடங்காக இருக்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு எழுதும் சில மாத்திரைகளைச் சிறியவர்களுக்குப் பொதுவாக எழுதவே மாட்டார்கள்.

இரண்டாவது, ஒரே அறிகுறி என்றால் ஒரே நோய் என்று இல்லை. சளியும் பெரும்பாலான தொண்டை வலியும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். இந்தப் பருவத்தில் எனக்குப் பெரிய பயம் டெங்கு. மருந்துதான் கொடுக்கிறோமே என்ற நிம்மதியில் இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தால், அந்த இரண்டு நாள்தான் முக்கியமானதாக இருக்கும். டைபாய்டு, சிறுநீர்த் தொற்று என்று சந்தேகம் வந்தால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை எடுப்பார்கள். ஏற்கெனவே நாலு வேளை ஆன்டிபயாட்டிக் போயிருந்தால் அதில் கிருமி தெரியாமலே போகலாம்.

ஒவ்வாமையும் இருக்கிறது. அக்காவுக்கு ஒன்றும் செய்யாத பென்சிலின் வகை மருந்தால் தம்பிக்கு உடம்பெல்லாம் தடிப்பு வரலாம்.

அப்புறம், மருந்து உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளையை மறந்துவிடுகிறோம். ஒரு பாட்டிலை இரண்டு பேர் குடித்தால் பாதி நாளிலேயே தீர்ந்துவிடும். ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டை வலிக்குச் சில மருந்துகளை 10 நாள் கொடுக்கச் சொல்வார்கள். முழுதாகக் குணமாகாத அந்தத் தொற்றைத் தொடர்ந்து, சில குழந்தைகளுக்கு இதய வால்வைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைக்கும் கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காதவையாக மாறவும் கூடும். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே இதைச் சொல்லி எச்சரித்தார்.

போன முறை மிச்சமானதை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறீர்களா? பொடியில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் சிரப் பலவும் 7 நாள், 10 நாளுக்கு மேல் தாங்காது. பாட்டிலில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும், பாருங்கள்.

ஏற்கெனவே பகிர்ந்து கொடுத்துவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து மறைக்காதீர்கள். மருந்தின் பெயர், எத்தனை வேளை, எவ்வளவு என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள், பாட்டிலையும் கொண்டுபோங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். மூத்த பிள்ளைக்கு மருந்து பற்றாமல் போயிருந்தால் அதையும் அப்போதே கேளுங்கள். உதடு அல்லது முகம் வீங்கினால், மூச்சு விடத் திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

பணம்தான் தயக்கம் என்றால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தையைப் பார்ப்பதும் மருந்தும் இலவசம். அங்கே போக அனுமதிச் சீட்டு, விடுப்பு எது வேண்டுமானாலும் வகுப்பு ஆசிரியரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

வரும் திங்கள்கிழமை முதல் மருத்துவ அறையில் ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டுமானால், அந்தக் குழந்தையின் பெயரில் உள்ள மருந்துச் சீட்டின் நகலும் மருந்துக் கடை லேபிள் கிழியாத பாட்டிலும் வேண்டும். ஒருவர் மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்லி எழுதி அனுப்பினால் கொடுக்க மாட்டேன், உங்களுக்குப் போன் செய்வேன். பாட்டிலைப் பிள்ளையின் பையில் போடாமல் காலையில் நேரில் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் பிள்ளைக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால், டைரியின் உடல்நலப் பக்கத்தில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளி நாட்களில் காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை மருத்துவ அறையில் இருப்பேன்.

அன்புடன்,
பள்ளிச் செவிலியர்